பினாங்கில் ஊராட்சி மன்றத்திடம் ஆவணம் கேட்கும் மனு: நிராகரிக்க இடம் வைக்காமல் எழுதுவது எப்படி

எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கம் முதலில் அனுப்பிய கடிதத்தில் மூன்றே வாக்கியங்கள் இருந்தன. "வீடுகளின் பின்புற வடிகால் வேலை ஏன் பாதியில் நின்றது? இதற்கு யார் பொறுப்பு? இது தொடர்பான எல்லா ஆவணங்களையும் எங்களுக்குத் தர வேண்டும்." மழை பெய்தால் சமையலறைக்குள் தண்ணீர் வருகிற வீட்டில் உட்கார்ந்து எழுதிய கடிதம் அது; கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் நிராகரித்துப் பதில் வந்தது. கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தபோது, மூன்று வாக்கியங்களும் மூன்று வெவ்வேறு காரணங்களால் விழுந்திருப்பது தெரிந்தது. முதல் வாக்கியம் ஆவணம் கேட்கவில்லை, விளக்கம் கேட்டது. இரண்டாவது வாக்கியம், யார் மீதாவது குற்றம் சுமத்தும்படி ஓர் அதிகாரியைக் கேட்டது. மூன்றாவதில் இருந்த "எல்லா" என்ற சொல், கொடுக்கக்கூடிய ஆவணங்களையும் கொடுக்க முடியாத ஆவணங்களையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. இரண்டாவது முறை எழுதிய மனுவில் இந்த மூன்றையும் எப்படித் திருத்தினோம் என்பதை, முதன்முறையாக இப்படிப்பட்ட மனுவை எழுத உட்காருகிறவர்களுக்காக இங்கே விவரிக்கிறேன்.

முதலில், எந்தச் சட்டம், யாருடைய ஆவணம்

மலேசியாவில் பினாங்கு, சிலாங்கூர் ஆகிய மாநிலங்கள் தங்களுக்கென்று தகவல் சுதந்திரச் சட்டங்களை இயற்றியிருக்கின்றன. பினாங்கின் சட்டம் மலாயில் "எனாக்மென் கெபெபாசான் மக்லுமாட்" என்று அழைக்கப்படுகிறது. அதன் பெயரில் 2010 என்ற ஆண்டு இருந்தாலும், அது நடைமுறைக்கு வந்தது 2015 ஜனவரி 1ஆம் தேதிதான். மனுவின் தலைப்பில் பெயரில் உள்ள ஆண்டையே, அதாவது 2010 என்றே எழுத வேண்டும். நடைமுறைக்கு வந்த ஆண்டைப் போட்டு எழுதிய மனுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சட்டம் மாநில அரசின் இலாகாக்களுக்கும் மாநிலத்தின் கீழ் இயங்கும் ஊராட்சி மன்றங்களுக்கும் உரியது. கூட்டரசின் கீழுள்ள அமைப்புகளை இது எட்டாது. காவல்துறை, அரசாங்க மருத்துவமனை, குடிநுழைவுத் துறை, கல்வி அமைச்சு ஆகியவை வைத்திருக்கும் கோப்புகளை இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் தமிழ்ப்பள்ளி. பள்ளியின் ஆசிரியர் எண்ணிக்கை, கட்டட அனுமதி தொடர்பாக அமைச்சு வைத்திருக்கும் கோப்பு கூட்டரசினுடையது. ஆனால் மாநில அரசு தன் நிதியிலிருந்து ஒரு பள்ளிக்கு ஒதுக்கிய தொகை பற்றிய பதிவு மாநிலத்தின் கையில் இருப்பது. ஒரே பள்ளியைப் பற்றிய இரண்டு தாள்கள் இரண்டு அரசாங்கங்களிடம் இருக்கலாம் என்பதால், "எதைப் பற்றிய ஆவணம்" என்பதைவிட "யார் கையில் உள்ள ஆவணம்" என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் அங்கு இந்த இரண்டு மாநிலச் சட்டங்களுமே செல்லாது. அங்கிருக்கும் உறவினர்களுக்கு இந்த மனுவை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிட வேண்டாம்.

வடிகாலிலும் இதே கேள்வி எழும். வீட்டுப் பின்புறத்துச் சிறு வடிகால் பெரும்பாலும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. பெரிய வாய்க்கால், ஆற்றங்கரை என்று போனால் நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் பொறுப்பாகிவிடும். தவறான அலுவலகத்துக்குப் போன மனு, அங்கே அந்த ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் திரும்பி வரும்.

ஆவணத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது

இந்த வேலையில் அதிக நேரம் எடுக்க வேண்டிய பகுதி இதுதான். தகவல் அதிகாரி, மலாயில் "பெகாவாய் மக்லுமாட்", உங்கள் மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு கோப்பு அறைக்குப் போகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்த அலமாரியில், எந்தக் கோப்பில், எந்தத் தாளை எடுக்க வேண்டும் என்பது உங்கள் மனுவிலிருந்தே அவருக்குத் தெரிய வேண்டும். "வடிகால் பிரச்சினை" என்ற பெயரில் எந்த அலுவலகத்திலும் கோப்பு கிடையாது. வேலையின் அதிகாரப்பூர்வத் தலைப்பிலும், விலைப்புள்ளி எண்ணிலும், ஆண்டிலும்தான் கோப்புகள் திறக்கப்படுகின்றன.

எங்களுக்கு அந்தத் தலைப்பு கிடைத்தது, வேலை நடந்த இடத்தில் முதல் வாரத்தில் நட்டிருந்த அறிவிப்புப் பலகையிலிருந்து. பலகை எப்போதோ விழுந்து, யாரோ அதைக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக வைத்துவிட்டார்கள். ஆனால் மூன்றாவது வீட்டு அக்கா, பேரப்பிள்ளை அதன் முன்னால் நின்றபோது எடுத்த ஒரு படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பிள்ளையின் தோளுக்குப் பின்னால் வேலையின் மலாய்த் தலைப்பு முழுவதும், விலைப்புள்ளி எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் தவிர மற்ற எல்லாமும், தொடங்கும் தேதியும் தெரிந்தன. அது போதுமானதாக இருந்தது. பலகை கிடைக்காதவர்கள் ஊராட்சி மன்றத்தின் இணையதளத்தில் விலைப்புள்ளி அறிவிப்புகளைத் தேடலாம். முன்பு புகார் கொடுத்தபோது கிடைத்த புகார் எண்ணையும் பயன்படுத்தலாம். அந்த எண் இருந்தால், அதன் தொடர்ச்சியாக இலாகாவுக்குள் எழுதப்பட்ட குறிப்புகளை அதிகாரியால் தேடி எடுக்க முடியும்.

அடுத்தது, இப்படிப்பட்ட வேலையில் என்னென்ன தாள்கள் உருவாகும் என்பதைத் தெரிந்துகொள்வது. குத்தகையாளர்களிடம் விலை கேட்பது "செபுட் ஹார்கா". ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும் அவருக்கு அனுப்புவது "சூராட் செதுஜு தெரிமா" என்னும் ஏற்புக் கடிதம். சிறிய வேலையாக இருந்தால் அதற்குப் பதிலாக "இண்டென் கெர்ஜா" என்னும் வேலை ஆணை இருக்கும். எத்தனை மீட்டர் வடிகால், எவ்வளவு காங்கிரீட், என்ன விலை என்று வரிவரியாகச் சொல்வது அளவுப் பட்டியல். அதிகாரிகள் வந்து பார்த்ததற்கு "லாப்போரான் லாவாத்தான் தாப்பாக்", அதாவது தள ஆய்வு அறிக்கை. வேலை முடிந்ததாக மன்றம் ஏற்றுக்கொண்டால் "பெராகுவான் சியாப் கெர்ஜா" என்னும் வேலை நிறைவுச் சான்றிதழ். அதன் பிறகுதான் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்புக் காலம் தொடங்கும். இந்தப் பெயர்கள் தெரிந்துவிட்டால், "ஏன் நின்றது" என்ற கேள்வியை எழுதாமலேயே அதற்கான விடை இருக்கும் தாள்களைக் கேட்டுவிடலாம். எங்கள் சங்கத்தில் குத்தகை வேலை பார்த்த ஓர் அண்ணன் இருந்ததால் இவற்றை ஒரே மாலையில் அறிந்துகொண்டோம். அப்படி யாரும் இல்லாதவர்கள், முதலில் மன்ற முகப்பில் போய், இது போன்ற வேலையின் கோப்பில் வழக்கமாக என்ன ஆவணங்கள் இருக்கும் என்று வாய்மொழியாகவே கேட்கலாம். அதற்கு மனு தேவையில்லை, பெரும்பாலான குமாஸ்தாக்கள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

"எல்லா" என்ற சொல் ஏன் ஆபத்து

அதிகாரத்துவ ரகசியச் சட்டம் 1972, மாநிலச் சட்டத்துக்கு மேலே நிற்கும் கூட்டரசுச் சட்டம். அதன் அட்டவணையில் அமைச்சரவை ஆவணங்களோடு, மாநில ஆட்சிக்குழு ஆவணங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவை இயல்பாகவே ரகசியம். இவை தவிர, அதிகாரம் பெற்ற ஓர் அதிகாரி "ரஹ்சியா பெசார்", "ரஹ்சியா", "சூலிட்", "தெர்ஹாட்" என்ற நான்கு முத்திரைகளில் ஒன்றைக் குத்தி வகைப்படுத்திய ஆவணமும் ரகசியம் ஆகிவிடும். ஒரு தாமான் வடிகாலுக்கான ஒதுக்கீடு எப்போதாவது ஆட்சிக்குழுக் கூட்டத்தில் பேசப்பட்டிருந்தால், அந்தக் கூட்டத்துக்குத் தயாரித்த தாளும் அதே கோப்பில் இருக்க வாய்ப்பு உண்டு. "எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் அந்தத் தாளையும் சேர்த்துக் கேட்டதாக ஆகிறது. கோப்பில் ரகசிய ஆவணம் இருக்கிறது என்று சொல்லி முழு மனுவையும் மறுக்க வழி திறந்துவிடுகிறது. எங்கள் முதல் கடிதத்தின் மூன்றாவது வாக்கியம் இதனால்தான் விழுந்தது.

ஆகவே ஒவ்வோர் ஆவணத்தையும் தனித்தனி எண்ணிட்டுக் கேளுங்கள். ஒன்றை மறுத்தாலும் மற்றவை நிற்கும். அதோடு, ஓர் ஆவணத்தின் ஒரு பகுதியை மட்டும் கொடுக்க முடியாத நிலை இருந்தால், அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள். மற்றவர்களின் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, புகார் கொடுத்த அண்டை வீட்டாரின் பெயர் போன்றவை நமக்குத் தேவையே இல்லை. தேவையில்லை என்று நாமே எழுதிக்கொடுத்துவிட்டால், தனிநபர் விவரம் இருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.

எங்கள் இரண்டாவது மனு

மனுவை மலாயில்தான் தட்டச்சு செய்தோம். அதன் கருத்தைத் தமிழில் தருகிறேன். எண்களும் தேதிகளும் உங்களுடையதாக மாற வேண்டும்.

"பினாங்கு மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டம் 2010-இன் கீழ், கீழே குறிப்பிட்டுள்ள ஆவணங்களின் நகல்களைக் கோருகிறேன். இவை அனைத்தும் அறிவிப்புப் பலகையில் காணப்பட்ட தலைப்பையும் விலைப்புள்ளி எண்ணையும் உடைய வடிகால் மேம்பாட்டு வேலையைச் சேர்ந்தவை. பலகையின் படம் இணைக்கப்பட்டுள்ளது. கோரும் காலம் 2023 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை.

1. குத்தகையாளருக்கு வழங்கப்பட்ட ஏற்புக் கடிதம் அல்லது வேலை ஆணை.
2. அந்தக் கடிதத்துடன் சேர்ந்த அளவுப் பட்டியல்.
3. மேற்கண்ட காலத்தில் இலாகா அதிகாரிகள் தயாரித்த தள ஆய்வு அறிக்கைகள்.
4. வேலை நிறைவுச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தால் அதன் நகல்.

இவற்றில் ஏதேனும் ஒன்று உங்கள் அலுவலகத்தில் இல்லையெனில், இல்லை என்பதை அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். தனிநபர்களின் அடையாள அட்டை எண், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை எனக்குத் தேவையில்லை. அவற்றை மறைத்துத் தரலாம். ஓர் ஆவணத்தின் ஒரு பகுதியை வெளியிட முடியாது எனில், அந்தப் பகுதியை நீக்கி எஞ்சியதைத் தருமாறும், நீக்கியதற்கான சட்டப்பிரிவைக் குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

சில சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றாம் எண்ணில் "அல்லது" என்று எழுதியதற்குக் காரணம், வேலையின் தொகையைப் பொறுத்து இரண்டில் எது இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. "ஏற்புக் கடிதம்" என்று மட்டும் எழுதியிருந்தால், அது வேலை ஆணை மூலம் நடந்த வேலை என்ற நிலையில், "அப்படி ஓர் ஆவணம் இல்லை" என்ற உண்மையான பதிலே வந்திருக்கும். நாங்கள் கேட்ட விஷயம் கோப்பிலேயே கிடந்திருக்கும். நான்காம் எண்ணில் "வழங்கப்பட்டிருந்தால்" என்று எழுதியது, சான்றிதழ் இருக்கிறது என்று நாங்கள் முன்கூட்டியே முடிவுகட்டவில்லை என்பதைக் காட்ட. மூன்றாம் எண்ணில் "தயாரித்த" என்ற சொல் முக்கியமானது: ஏற்கெனவே இருக்கும் அறிக்கையைத்தான் கேட்கிறோம், புதிதாக ஓர் அறிக்கை எழுதித் தரச் சொல்லவில்லை. வரைபடம், கணக்கு, பட்டியல் எதையும் புதிதாகத் தயாரித்துத் தரச் சொல்வது தகவல் கோரிக்கை ஆகாது. பலருடைய மனு இதனால்தான் விழுகிறது.

காலவரம்பையும் யோசித்துப் போட்டோம். ஐந்து ஆண்டு கேட்டால் தேடும் வேலையும் நகல் கட்டணமும் கூடும், மறுக்கவும் எளிதாகும். பலகையில் இருந்த தொடக்கத் தேதிக்குச் சில மாதங்கள் முன்பு தொடங்கி, வேலை நின்றதற்குச் சில மாதங்கள் பின்பு முடியும்படி வைத்துக்கொண்டோம்.

மனுவில் விட்டுவிட்டவையும் உண்டு. தண்ணீர் புகுந்த வீடுகளின் கதையையும், மன்ற உறுப்பினர் வந்து பார்த்துப் போனதையும், எங்கள் கோபத்தையும் அதில் எழுதவில்லை. அவையெல்லாம் புகார் கடிதத்துக்கு உரியவை. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், மனு புகார்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, "உங்கள் புகார் கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது" என்ற பதிலோடு முடிந்துவிடும். புகாரைத் தனியாக, வேறொரு நாளில் அனுப்புங்கள்.

நோக்கம் என்ற கட்டம்

தகவல் எதற்காக என்ற இடத்தை அவசரமாக நிரப்பக் கூடாது. சிலாங்கூர்ச் சட்டத்தில், மனுவில் தெரிவித்த நோக்கத்துக்கு மாறாகத் தகவலைப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம். பினாங்கில் எழுதும்போதும், இங்கே எழுதுவது நம்மைக் கட்டுப்படுத்தும் என்று எண்ணியே எழுத வேண்டும். "சொந்தத் தகவலுக்காக" என்று எழுதிவிட்டு, பிறகு நகலைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தாலோ நாளிதழுக்குக் கொடுத்தாலோ சிக்கல் வரலாம். நாங்கள் எழுதியது: "வேலையின் நிலையை அறியவும், குடியிருப்பாளர் சங்க உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கவும், ஊராட்சி மன்றத்திடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் முறையீடு செய்யவும்." செய்தித்தாளுக்குக் கொடுக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் அதையும் மறைக்காமல் சேர்த்துவிடுங்கள்.

மனுவைச் சங்கத்தின் பெயரில் கொடுப்பதா, தனி ஒருவரின் பெயரில் கொடுப்பதா என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் வாதம் நடந்தது. பதிவு புதுப்பிக்கப்படாத சங்கத்தின் பெயரில் கொடுத்தால் அதையே காரணமாகக் காட்டலாம் என்பதால், செயலாளர் தன் அடையாள அட்டைப்படி உள்ள பெயரிலேயே கையெழுத்திட்டார்.

கொடுப்பதும் பதிலைப் படிப்பதும்

சட்டத்தின்படி வகுத்த படிவத்தை நிரப்பி, மேற்கண்ட மனுவை அதன் இணைப்பாக வைத்தோம். படிவத்தில் ஆவண விவரத்துக்குக் கொடுத்திருக்கும் இடம் சிறியது; அங்கே "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதுவதோடு வேலையின் தலைப்பையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் இணைப்பு படிவத்திலிருந்து பிரிந்துபோகலாம். கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள். கட்டணம் இல்லாமல் போன படிவம், பரிசீலிக்காமலேயே ஓரமாக வைக்கப்படும். உங்களிடம் இருக்கும் நகலிலும் பெற்றுக்கொண்ட தேதி முத்திரையைக் குத்தித் தரச் சொல்லுங்கள். பதிலுக்கான கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

பதில் வந்ததும் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். "கொடுக்க முடியாது", "எங்களிடம் இல்லை", ஒன்றுமே சொல்லாமல் விடுவது ஆகிய மூன்றும் வெவ்வேறு. மறுத்திருந்தால், எந்தப் பிரிவின் கீழ் மறுத்தார்கள் என்று பாருங்கள். பிரிவு குறிப்பிடவில்லை என்றால் அதைக் கேட்டு உடனே ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். மேல்முறையீட்டுக்கு அதற்கென்று அமைந்த வாரியம் இருக்கிறது. அதற்கும் கெடு உண்டு என்பதால், பதில் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். மேல்முறையீட்டில் புதிய ஆவணங்களைச் சேர்த்துக் கேட்கக் கூடாது; முதல் மனுவில் கேட்டதையே, அதே எண்களோடு, அது ஏன் விலக்குக்குள் வராது என்று மட்டும் சொல்ல வேண்டும். கூடுதலாக ஏதும் வேண்டுமென்றால் அதற்குப் புதிய மனுதான்.

எங்களுக்கு முதல் மூன்று எண்களுக்கும் நகல்கள் வந்தன. குத்தகையாளரின் அடையாள அட்டை எண் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தது. அளவுப் பட்டியலில் 180 மீட்டர் வடிகால் இருந்தது. கடைசித் தள ஆய்வு அறிக்கையோ 110 மீட்டர் வரை மட்டுமே முடிந்ததாகச் சொன்னது. நான்காம் எண்ணுக்கு எதிரே ஒரே ஒரு வரி: வேலை நிறைவுச் சான்றிதழ் இன்னும் வழங்கப்படவில்லை. முகப்பில் கேட்ட ஒவ்வொரு முறையும் "அந்த வேலை முடிந்துவிட்டது" என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இப்போது, வேலை முடிந்ததாக மன்றமே ஏற்கவில்லை என்பதற்கு மன்றத்தின் முத்திரையோடு ஒரு தாள் எங்கள் கையில் இருந்தது. அடுத்து அனுப்பிய புகார் கடிதத்தில் அந்த இரண்டு மீட்டர் அளவுகளையும் அந்த ஒரு வரியையும் மேற்கோளாகக் காட்டி, மீதி 70 மீட்டரை அதே குத்தகையின் கீழ் முடிக்கச் செய்யுமாறு கேட்டோம்.